சேலைக் கடைக்கு வெப்சைட்: "ஒரே தடவை காசு" கணக்கு எங்கே உதைக்கும்?

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு எண்பது சேலை. தறியிலிருந்து ஒரு நிறத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். ஆன்லைனில் மாதம் 40 ஆர்டர் வரும், சராசரி 1,500 ரூபாய் என்பது கடைக்காரரின் எதிர்பார்ப்பு. கடையில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்றால் டேலியில் பில் போடும் பெண் ஒருவர்தான். இந்தக் கடைக்கு மாத வாடகை வெப்சைட் பில்டரா, வேர்ட்பிரஸா, ஆள் வைத்துத் தனியாகக் கோட் எழுதிய சைட்டா?

படம் மங்கலாக இருக்கக்கூடாது, போனில் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுவோம். திரும்பத் திரும்பப் பணம் போகும் இடங்கள் வேறு.

கார்ட் வேண்டுமா என்று கேட்காமலே கார்ட் போடுவது

சேலை வாங்குபவர் பெரும்பாலும் "உடல் பகுதியை வெயிலில் வைத்து ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அப்படியென்றால் முதல் ஆறு மாதத்துக்கு, சேலையைச் சேர்த்துச் சைட்டிலேயே பணம் கட்டும் கார்ட் இல்லாத பக்கமே போதும். படம், விலை, கீழே ஒரு வாட்ஸ்அப் பட்டன்.

```
https://wa.me/91XXXXXXXXXX
```

எண்ணுக்கு முன் + குறியும் பூஜ்யமும் கூடாது. நாட்டு எண் 91, உடனே பத்து இலக்கம். இந்த மாதிரிப் பக்கத்தைத் தனிக் கோடில் எழுதினாலும் தப்பில்லை. டேட்டாபேஸ் கிடையாது, பணம் அதன் வழியாகப் போவதில்லை, அதனால் உடைய எதுவுமில்லை. கோட் எழுதுவதில் குற்றமில்லை. பணத்தையும் கையிருப்பையும் தொடும் கோடை எழுதிவிட்டு ஆள் போய்விடுவதில்தான் வினை.

"நாற்பதாயிரம் கொடுங்க, அதோட முடிஞ்சுது"

எரிச்சல் தீராத தவறு இதுதான். பில்டருக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், வேர்ட்பிரஸுக்கு வருடா வருடம் ஹோஸ்டிங், பிளகின் என்று போய்க்கொண்டே இருக்கும். தெரிந்த பையன் ஒருவர் வந்து ஒரே தடவை காசு, வாடகையே கிடையாது என்கிறார். கேட்கும்போது இனிக்கிறது. சைட்டும் அழகாகவே வருகிறது. உடைப்பு தெரிய நாலைந்து மாதம் ஆகும், அதுவும் மூன்று இடத்தில்.

முதல் இடம் பணம். வாடிக்கையாளர் UPI-யில் கட்டுகிறார். பிரவுசரிலிருந்து பணம் கட்டும் ஆப்புக்குப் போகிறார், "வெற்றி" என்று வருகிறது, போனைப் பையில் போட்டுவிடுகிறார். பிரவுசருக்குத் திரும்பி வருவதே இல்லை. அவசரமாக எழுதிய கார்ட்டில் பெரும்பாலும், வாடிக்கையாளர் நன்றிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தால்தான் ஆர்டர் "பணம் வந்தது" என்று பதிவாகும்படி வைத்திருப்பார்கள். இவர் வரவில்லை, ஆர்டரும் பதிவாகவில்லை. பணம், ஆன்லைனில் வசூலித்துத் தரும் கேட்வே நிறுவனத்திடம் இருக்கிறது, சைட்டில் ஆர்டர் தொங்குகிறது. மூன்றாம் நாள் "காசு எடுத்துட்டீங்க, சேலை எங்கே?" என்று போன் வரும்.

சரியான வழி, வாடிக்கையாளரின் பிரவுசரை நம்பாமல் கேட்வேயே நேரடியாக உங்கள் சர்வரைத் தட்டிச் சொல்வது. இதற்கு வெப்ஹுக் என்று பெயர். கேட்வே டாஷ்போர்டில் Webhooks பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் சைட் முகவரி ஒன்றும், ரேசர்பே என்றால் `payment.captured` போன்ற நிகழ்வும் இருக்க வேண்டும். பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கோட் வாடிக்கையாளரின் பிரவுசரை நம்பித்தான் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம்.

கோட் தெரியாதவர்கூட இதைச் சோதிக்கலாம். 1 ரூபாய் விலையில் ஒரு சோதனைப் பொருள் போடுங்கள். போனில் வாங்குங்கள். UPI ஆப்பில் வெற்றி என்று வந்ததும் சைட்டுக்குத் திரும்பாமல் பிரவுசரையே மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வேறொரு கம்ப்யூட்டரில் அட்மின் பக்கத்தைப் பாருங்கள். ஆர்டர் பணம் பெற்றதாகக் காட்டினால் நல்லது. காட்டாவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மூன்று வகை சைட்டுக்கும் இதே சோதனைதான். வேர்ட்பிரஸில் கேட்வே பிளகினைப் போட்டுவிட்டு வெப்ஹுக் அமைப்பை அரைகுறையாக விட்டாலும் இதே கதி.

இரண்டாவது இடம் கையிருப்பு. கண்டாங்கியில் ஒரு நிறம் ஒரே சேலை என்றால் இது இன்னும் மோசம். ஞாயிறு மாலை படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டதும் ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் அதே சேலையைத் தொடுகிறார்கள். கோட் முதலில் "கையிருப்பு எவ்வளவு?" என்று படிக்கிறது, ஒன்று என்று வருகிறது. பிறகு தனியாகக் குறைக்கிறது. படிப்பதற்கும் குறைப்பதற்கும் நடுவில் அடுத்தவரும் படித்துவிட்டால் அவருக்கும் ஒன்று என்றே தெரியும். இருவரிடமும் பணம் வாங்கியாகிவிட்டது. இரண்டையும் ஒரே கட்டளையில் செய்ய வேண்டும்:

```
UPDATE products SET stock = stock - 1
WHERE id = 42 AND stock > 0;
```

இது ஒரு வரியை மாற்றியதாகச் சொன்னால் சேலை இவருக்கு. பூஜ்யம் என்று சொன்னால் வேறொருவர் முந்திவிட்டார். எழுதியவரிடம் "கையிருப்பைக் குறைக்கிற வரியைக் காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் பிளகினான வூகாமர்ஸில் பணம் கட்டி முடியும்வரை கையிருப்பைப் பிடித்துவைக்க Hold stock (minutes) என்ற அமைப்பு முதலிலிருந்தே உண்டு, இயல்பாக 60 நிமிடம். ஒற்றைச் சேலை விற்கும் கடைக்கு அதை 15 ஆகக் குறைப்பது நல்லது. பணம் கட்டாமல் போனவருக்காக ஒரு மணி நேரம் சேலை முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

மூன்றாவது இடம் காலம். சைட் எழுதப் பயன்படும் PHP மொழியின் 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரில் நின்றுவிட்டன, 8.1-க்கு 2025 டிசம்பரில் நின்றன. ஹோஸ்டிங்காரர் ஒருநாள் பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார். பழைய பாணியில் எழுதிய கோடில் `each()` என்ற ஒரு சொல் இருந்தால் போதும், PHP 8-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. சைட் வெள்ளைப் பக்கமாக நிற்கும். பிழைப் பதிவில் இருப்பது இந்த ஒரு வரிதான்:

```
Call to undefined function each()
```

திருத்த ஐந்து நிமிடம் போதும். திருத்த வேண்டியவர் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறார். வேறொருவரிடம் போனால் அடுத்தவர் கோடைப் படித்துப் புரிந்துகொள்ளவே தனிக்காசு கேட்பார், கேட்பதும் நியாயம்தான். ஆக, கோடுக்கும் வருடச் செலவு உண்டு. அதை யாரும் பில்லில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

தனிக் கோட் எப்போது சரி? கடையின் வியாபாரமே மற்ற கார்ட்டுகளுக்குள் அடங்காதபோது. துணியை மீட்டர் கணக்கில் வெட்டி, கூடவே தையல் அளவும் வாங்கி, தையல்காரருக்குத் தனிச் சீட்டுப் போக வேண்டும் என்றால் யோசிக்கலாம். அப்போதும் வருடப் பராமரிப்புத் தொகை முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். எண்பது சேலை விற்க அது தேவையில்லை.

பில்டரின் மாத வாடகையை மட்டும் பார்ப்பது

வாடகை கண்ணுக்குத் தெரியும், கமிஷன் தெரியாது. ஷாப்பிஃபையை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அதன் சொந்தப் பேமெண்ட் சேவை இல்லாததால் வெளிக் கேட்வேதான் வைக்க வேண்டும். வெளிக் கேட்வே வைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்குப் போகும். கேட்வேயின் கட்டணம் தனி.

நம் கடைக்கு மாதம் 40 ஆர்டர், 60,000 ரூபாய். ஷாப்பிஃபைக்கு 1,200. கேட்வே 2 சதவீதம் எடுத்தால் இன்னொரு 1,200, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216. வாடகைக்கு மேல் 2,616 ரூபாய். இதில் கேட்வேயின் 1,416 எந்தச் சைட் வைத்தாலும் போகும், பில்டருக்கென்று கூடுதலாகப் போவது அந்த 1,200 மட்டும்தான். டேலி பெண்ணே அரை நாளில் விலை மாற்றக் கற்றுக்கொள்வார், சர்வர் கவலை கிடையாது என்றால் 1,200 கொடுக்கலாம். மாதம் 150 ஆர்டர் ஆகும்போது அதே 2 சதவீதம் 4,500. அந்தப் பணத்துக்கு வேர்ட்பிரஸைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் ஆள் கிடைப்பாரா என்று அன்று விசாரியுங்கள், முதல் நாளிலேயே வேண்டாம்.

வேர்ட்பிரஸ் இலவசம் என்று நம்பி வாரம் ஒரு மணி நேரம்கூட ஒதுக்காதது

மென்பொருள் இலவசம், பராமரிப்பு இலவசம் இல்லை. பேக்கப் எடுத்து, பிளகின்களைப் புதுப்பித்து, ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்க்க வாரம் ஒரு மணி நேரம் வேண்டும். தருவதற்கு ஆள் இல்லாத கடைக்கு வேர்ட்பிரஸ் வேண்டாம்.

இதில் ஒரு கண்ணி. சைட் மெதுவாக இருக்கிறது என்று கேஷ் பிளகின் போடுவார்கள். அது எல்லாப் பக்கத்தையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு அதையே எல்லோருக்கும் நீட்டும். கார்ட் பக்கத்துக்கும் அதே கதி ஆனால், சேலையைச் சேர்த்தவருக்குக் கார்ட் காலியாகத் தெரியும், இல்லையென்றால் அடுத்தவர் சேர்த்தது தெரியும். பிளகின் அமைப்பில் `/cart/`, `/checkout/`, `/my-account/` மூன்றையும் விலக்கிவையுங்கள். வூகாமர்ஸைத் தானாக அடையாளம் காணும் கேஷ் பிளகின்களும் உண்டு. ஆனாலும் இரண்டு போனில் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஓசியில் கிடைத்த "ப்ரோ" தீம்

காசு கொடுத்து வாங்க வேண்டிய வேர்ட்பிரஸ் தீமைத் திருட்டு நகலாகப் போடுவது, கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்குவது மாதிரி.

டொமைன் சைட் செய்தவர் பெயரில்

சைட் முகவரியைப் பதிவு செய்யும்போது உங்கள் மெயில் ஐடி, உங்கள் கார்டு, உங்கள் பெயர். வேறு பேச்சே இல்லை.

இடம் மாறும்போது பழைய முகவரிகளை விட்டுவிட்டு வருவது

பில்டரிலிருந்து வேர்ட்பிரஸுக்குப் போகும் நாள் வரும். பொருள் பட்டியலை CSV-யாக இறக்கலாம், வடிவமைப்பு கூடவே வராது. அதைவிட முக்கியம் முகவரி. விக்ஸ் என்ற பில்டரில் பொருளின் பக்கம் `/product-page/` என்று தொடங்கும், வூகாமர்ஸில் `/product/`. கூகுளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கிடக்கும் பழைய லிங்க் எல்லாம் பக்கம் இல்லை என்று 404 காட்டும். பெயர்ப் பகுதி ஒன்றாகவே இருந்து, ஹோஸ்டிங்கும் அப்பாச்சியாக இருந்தால் `.htaccess`-இல் ஒரே வரி போதும்:

```
RedirectMatch 301 ^/product-page/([^/]+)/?$ /product/$1/
```

டொமைன் உங்களுடையது என்றால்தான் இந்த வரி வேலை செய்யும். மூன்று வருடமும் பில்டரின் இலவசக் கிளை முகவரியிலேயே கடை நடத்தியிருந்தால் திருப்பிவிட உங்கள் கையில் எதுவும் இல்லை, பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் புது லிங்க் அனுப்ப வேண்டியதுதான்.