சொந்தப் பள்ளியில் ஆய்வு: நிலைப்பாட்டுக் குறிப்பை எங்கே தொடங்குவது?

ஆய்வு செய்பவர் தன் நிலையும் உறவுகளும் ஆய்வை எப்படிப் பாதித்திருக்கலாம் என்று வாசகருக்குச் சொல்லும் பகுதிதான் நிலைப்பாட்டுக் குறிப்பு, அதாவது பொசிஷனாலிட்டி ஸ்டேட்மென்ட். வேலை பார்க்கும் பள்ளியிலேயே ஆய்வு செய்தால், அதை ‘நான் யார்’ என்று தொடங்காமல், ‘ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு நான் யார்’ என்று தொடங்குங்கள். அந்த உறவு தரவை எப்படி மாற்றியிருக்கும், அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ‘12 ஆண்டு அனுபவமுள்ள கணித ஆசிரியை’ என்ற வரியை வைத்து வாசகர் எதையும் எடைபோட முடியாது. ‘இந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவது நான்தான்; என்னிடம் வீட்டுப்பாடத்தைக் குறை சொல்லத் தயங்குவார்கள். அதனால் அவர்களுக்குப் பாடம் எடுக்காத ஒருவர் பேட்டி கண்டார். மதிப்பெண்களை ஒப்படைத்த பிறகே பேட்டிகளைப் படித்தேன்’ என்று எழுதினால், முடிவை எவ்வளவு நம்பலாம் என்பது வாசகருக்கே தெரிந்துவிடும். முதல் வரைவைத் தரவு திரட்டும் முன்பே எழுதுங்கள். பேட்டி முடிந்த பிறகு சிக்கல் தெரியவந்தால், அதை ஒப்புக்கொள்ளத்தான் முடியும், சரிசெய்ய முடியாது.

சின்னப் பள்ளி என்றால் இவ்வளவு விவரம் வேண்டாம். ஒரே ஒரு கணித ஆசிரியை இருக்கும் இடத்தில் பாடத்தைச் சொன்னாலே மாணவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அங்கே பாடம், வகுப்பு, ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு, மதிப்பெண் போடும் உறவை மட்டும் சொல்லுங்கள்.