எட்டு மாதம் கழித்து “ஹாய் அக்கா” என்றால்: வாட்சப்பில் சட்டை ஓடர் எடுக்கும் முறை

கல்முனைப் பக்கம் வீட்டில் இருந்து சாறிச்சட்டை தைப்பவர்களுக்கு இப்படியொரு மெசேஜ் வராமல் இருக்காது: “ஹாய் அக்கா, திரும்பவும் நான்தான். அதே மாதிரி இன்னொண்டு வேணும்.” கடைசியாகக் கதைத்தது தை மாதம், இப்போது புரட்டாதி.

பதில் போட முதல் அவரோடான பழைய மெசேஜ்களை மேலே தள்ளிப் பாருங்கள், அளவுக் கொப்பியையும் எடுங்கள். “செக்யூரிட்டி கோட் மாறியது” என்று இடையில் ஒரு வரி தெரிந்தால், பெரும்பாலும் அவர் போன் மாற்றியிருப்பார். சில வேளை அந்த நம்பரே வேறொருவர் கைக்குப் போயிருக்கும். அப்படியானால் பழைய படங்களை அனுப்பாமல், பேரைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

இனிப் பதில். “யார் நீங்க?” என்று கேட்டால் அவருக்கு மனம் சுருங்கும். எல்லாம் ஞாபகம் இருப்பதுபோல “ஓகே, தைச்சிடுறன்” என்பது அதைவிட ஆபத்து. அவருக்கு ‘அதே’ என்பது கழுத்து டிசைனாக இருக்கும், நீங்களோ அளவையும் சேர்த்து எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே உங்களிடம் இருப்பதைச் சொல்லி, மாறக்கூடியதை மட்டும் கேளுங்கள்:

“சொல்லுங்க தங்கச்சி. தைப்பொங்கலுக்குத் தைச்ச மெரூன் சட்டைதானே, வட்டக் கழுத்து, பின்னால கயிறு? அது இப்பவும் போட வசதியா இருக்கா? தையல் பிரிச்சு விட்டீங்களா?”

“உடம்பு போட்டிருக்கா?” என்று கேட்கத் தேவையில்லை. சட்டையைப் பற்றிக் கேட்டாலே உடம்பைப் பற்றிய பதிலும் வந்துவிடும். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பக்கத் தையலைப் பிரித்து விட்டிருந்தால், சட்டை வசதியாக இருக்கிறது என்று அவர் சொல்வது உண்மைதான், ஆனால் கொப்பியில் உள்ள மார்பு அளவு 36 இனிப் பொருந்தாது.

“கை மட்டும் இறுக்கம்” என்றால் கை வட்டத்தை மட்டும் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்: மேற்கையின் தடித்த இடத்தில் நாடாவைச் சுற்றி, உள்ளே ஒரு விரல் போகிற அளவு விட்டு. மார்பு இறுக்கம் என்றால் போனில் அளவு கேட்காதீர்கள். நேரே வரட்டும், இல்லாவிட்டால் பழைய சட்டையை அனுப்பட்டும். வந்த சட்டையை அளந்தால் அது சட்டை அளவு. கொப்பியில் எழுதியது உடம்பு அளவு என்றால் இரண்டும் ஒன்றாக இராது, சட்டையில் தளர்வும் சேர்ந்திருக்கும்.

கூலியையும் அனுப்பும் முகவரியையும் பழையபடி என்று எடுக்கவே வேண்டாம், புதிதாக எழுதிக் காட்டுங்கள். என்ன விசேஷத்துக்கு என்றும் ஊகிக்காதீர்கள், எப்போது வேணும் என்ற திகதி போதும்.

அவர் ஓம் என்றதும் கொப்பியில் பழைய அளவை அழிக்காமல், கீழே புதிய அளவைத் திகதியோடு எழுதுங்கள். அடுத்த முறை எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தவுடன் தெரியும்.