தையல் கடை விலைப்பட்டியல்: கூலியைக் கூட்டலாம், நாளைக் கூட்டலாமா?

என் அத்தை இரண்டு மெஷின்களை வைத்துப் பெண்களுக்கான தையல் கடை நடத்துகிறார். அவர் கடைச் சுவரில் தொங்கிய விலைப்பட்டியலைப் போன மாதம் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பழைய பட்டியலில் முப்பத்தொரு வரிகள் இருந்தன. எந்த வேலை எப்போது புதிதாகச் சேர்ந்ததோ அந்த வரிசையிலேயே எழுதியிருந்தார்கள். பாவாடைக்கும் சுடிதாருக்கும் நடுவில் ஃபால்ஸ் இருக்கும். ‘லைனிங் பிளவுஸ்’ மேலே, ‘லைனிங் பைப்பிங் பிளவுஸ்’ பதினைந்து வரி தள்ளிக் கீழே. எல்லா வேலைக்கும் சேர்த்து ஓரத்தில் ‘3 நாள்’ என்று ஒரே குறிப்பு. சண்டையெல்லாம் அந்தக் குறிப்பால்தான் வந்தது.

முதலில் பில் புத்தகத்தை எடுங்கள்

பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரு மாத பில் புத்தகத்தைப் புரட்டி, எந்த வேலை எத்தனை முறை வந்திருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அத்தை கடையில் முப்பத்தொரு வரிகளில் ஒன்பதுக்கு ஒரு பில்கூட இல்லை. அவற்றை எடுத்துவிட்டோம். இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வேலை நடக்கும் துணியை வைத்துப் பிரியுங்கள்

சேலை, பிளவுஸ், சுடிதார், பாவாடை என நான்கு தொகுதிகள். பழைய துணியைப் பிடிப்பதும் பிரிப்பதும் ‘திருத்தம்’ என்று ஐந்தாவது. கை வேலை, மெஷின் வேலை என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாசலில் நிற்பவர் கையில் துணியோடு நிற்கிறார். அவருடைய கண் அந்தத் துணியின் பெயரைத்தான் தேடும். துணிவாரியாகப் பிரிப்பதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. அது நாள் கணக்கில் தெரியும்.

அடிப்படைக் கூலி ஒன்று, மற்றதெல்லாம் கூடுதல்

ஒவ்வொரு தொகுதியிலும் சாதா வேலையை முதல் வரியாக எழுதி, மற்றவற்றைக் கூட்டல் குறியோடு அதன்கீழ் எழுதுங்கள். லைனிங், பைப்பிங் இரண்டே கூடுதல்கள் இருந்தாலும் பழைய முறையில் நான்கு வரிகள் வேண்டும். மூன்று என்றால் எட்டு.

மாற்றியதும் பழைய விலைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பட்டியலில் சாதா பிளவுஸ் 200, லைனிங் 350, பைப்பிங் 250, இரண்டும் சேர்ந்தால் 380. புது முறையில் கூட்டினால் 400 வருகிறது. 20 ரூபாய் எங்கே இடிக்கிறது? இங்கேதான் பில் கணக்கு உதவியது. பைப்பிங் மட்டும் வைத்துத் தைத்தவர்கள் இரண்டே பேர். லைனிங்கோடு சேர்த்துத் தைத்தவர்கள் பதினேழு பேர். வழக்கமாக வருகிறவர்களுக்குக் கூலி ஏறக் கூடாது என்று பைப்பிங்கை +30 ஆக்கினோம்.

லைனிங் வரியில் ‘துணி எங்களுடையது’ அல்லது ‘துணி உங்களுடையது’ என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாத பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

நாள் கணக்கு: நான் தடுக்கி விழுந்த இடம்

கூலியைப் போலவே நாட்களையும் கூட்டிவிடலாம் என்று நினைத்தேன். அந்த முதல் பிரதியைப் பார்த்து ஓர் அம்மா, “ஒரு சேலைக்கும் பிளவுஸுக்கும் ஒன்பது நாளா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்பது நாள் ஆகாது என்று அத்தைக்குத் தெரியும், ஆனால் பட்டியல் அப்படிச் சொல்லியது.

அன்று இரவு ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்கிறது என்று அத்தையிடம் கேட்டு எழுதினேன். சாதா பிளவுஸுக்கு மூன்று நாள்: வெட்டித் தைத்தபின் கொக்கியும் கை மடிப்பும் வைக்க பக்கத்துத் தெரு அக்காவிடம் போய் வர வேண்டும். லைனிங் துணி பிறகு சுருங்காமல் இருக்க முன்கூட்டியே நனைத்துக் காயப்போட வேண்டும். அதற்கு ஒரு நாள். ஆரி வேலை என்றால் துணியில் கழுத்தையும் கையையும் வரைந்து, சட்டத்தில் கட்டி, வேலை முடிந்த பிறகுதான் வெட்டித் தைக்க முடியும். இவை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. ஆனால் பிளவுஸ் மெஷினில் இருக்கும்போதே சேலை குச்சு கட்டுபவரிடம் இருக்கலாம்.

ஆக விதி இதுதான்: ஒரே துணியில் நடக்கும் வேலைகளுக்கு நாட்களைக் கூட்ட வேண்டும். வெவ்வேறு துணிகள் என்றால் எது அதிகமோ அதுதான் நாள். தொகுதிகளைத் துணிவாரியாகப் பிரித்துவிட்டதால் பட்டியலே இந்தக் கணக்கைக் காட்டிவிடுகிறது.

```
பிளவுஸ்                    கூலி     நாள்
சாதா                       200      3
லைனிங் (துணி எங்களுடையது)   +150     +1
பைப்பிங்                    +30      -
ஆரி வேலை           மாதிரி பார்த்து    +7

சேலை
ஃபால்ஸ், ஓரம் அடித்தல்       120      1
குச்சு                      250      4
```

பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ், ஓரம், குச்சு. அதன் பிளவுஸுக்கு லைனிங், பைப்பிங் என்று ஒருவர் கேட்கிறார். பிளவுஸ் 380 ரூபாய், 4 நாள். சேலை 370 ரூபாய், 5 நாள். மொத்தம் 750 ரூபாய், 5 நாள். அதே பிளவுஸில் ஆரி சேர்ந்தால் பிளவுஸுக்கு 11 நாள். அப்போது மொத்தமும் 11 நாள்தான்.

இந்தக் கணக்கு நிற்க ஒரு நிபந்தனை உண்டு. சேலையோடு ஒட்டிவரும் பிளவுஸ் துணியை வாங்கிய அன்றே வெட்டிப் பிரித்துவிட வேண்டும். முதல் வாரம் அதை மறந்து, வெட்டாமலே சேலையைக் குச்சுக்கு அனுப்பிவிட்டோம். பிளவுஸ் துணியும் அதோடு போய் நான்கு நாள் அங்கே கிடந்தது. இப்போது பட்டியலின் பின்பக்கம், கடைக்காரர் பார்க்கும் பக்கத்தில், ‘முதலில் வெட்டு’ என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறது.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் கீழே ஒரே வரியில் எழுதுங்கள்: ‘துணி, அளவு பிளவுஸ், முன்பணம் மூன்றும் கொடுத்த மறுநாளிலிருந்து; ஞாயிறு சேராது.’

அச்சிடுதல்

எக்செல் போன்ற கட்டத்தாளில் தயாரியுங்கள். ஸ்பேஸ் தட்டித் தட்டி எண்களை நேராக்கினால் அடுத்த திருத்தத்திலேயே கலைந்துவிடும். யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்து, அச்சுக் கடைக்குப் பிடிஎஃப் ஆக மட்டும் அனுப்புங்கள். ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம். ஒரு விலை மாறினாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். நான் ஏ4 தாளில் கூலிப் பத்தியைக் காலியாக விட்டு அச்சிட்டு, லேமினேட் செய்து, விலையை மார்க்கரால் எழுதினேன். சானிடைசர் தொட்ட பஞ்சால் அழித்து மாற்றிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை 1: ‘தீபாவளிக்கு இந்த நாள் கணக்கு நிற்குமா?’ என்று இருவர் கேட்டிருந்தார்கள். நிற்காது. அந்த வாரங்களுக்குப் பட்டியலைத் திருத்தாமல், ‘இந்தத் தேதிவரை கொடுக்கும் துணி மட்டும் தீபாவளிக்குள் கிடைக்கும்’ என்று தனிச் சீட்டு எழுதி நாள் பத்தியின் மேல் ஒட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: சலவைக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகர், துணிவாரியாகப் பிரித்துப் பார்த்து ஒரே நாள் எண்ணைப் பத்து இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்றார். அவர் சொல்வது சரி. அங்கே நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வேலைதான்: இஸ்திரி மட்டும், வெளுத்து இஸ்திரி, டிரை வாஷ். இந்த மூன்றையும் பத்தித் தலைப்புகளாக வைத்து, நாளைத் தலைப்பிலேயே ஒருமுறை எழுதி, சட்டை, வேட்டி, சேலை என்று வரிகளை இறக்குங்கள். டிரை வாஷ் மட்டுமே செய்யும் துணிக்கு மற்றக் கட்டங்களைக் காலியாக விடாமல் கோடு போடுங்கள். காலியாக இருந்தால் விலை எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கேட்பார்கள்.