‘என்று’ வருமுன் வெட்டாதீர்கள்: நீண்ட உரையிலிருந்து ஒரு நிமிட கிளிப் எடுப்பதில் நேரும் தவறுகள்

ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரின் 70 நிமிட உரையை என்னிடம் கொடுத்து, பகிர்வதற்கு ஒரு நிமிடம் வெட்டித் தரச் சொன்னார்கள். 42ஆவது நிமிடத்தைத் தாண்டியதும் அவர் சொன்னார்: “புத்தகம் படிக்கிற காலம் முடிந்துவிட்டது. இனிமேல் நூலகமே தேவையில்லை.” அரங்கில் சத்தமே இல்லை. எடிட்டிங் மென்பொருளில் ஒலி அலை தட்டையாகக் கிடந்தது. வெட்டுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று அங்கேயே வெட்டிவிட்டேன்.

அப்புறம் எதற்கும் இருக்கட்டுமே என்று மூல வீடியோவை ஓடவிட்டேன். 2 வினாடி மௌனம். பிறகு, “என்று என்னிடம் சொன்னவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் இன்றைக்கு எங்கள் நூலக உறுப்பினர்கள்!” அரங்கம் சிரித்தது. நான் வெட்டி வைத்திருந்தது அவருடைய கருத்தை அல்ல, அவர் மறுக்கப்போகும் கருத்தை.

தமிழில் கிளிப் எடுப்பவர்கள் அதிகமாக விழும் குழி இதுதான். ‘என்று சொல்வார்கள்’, ‘என்பது தவறு’, ‘என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்’ எல்லாம் நம் மொழியில் கடைசியில்தான் வருகின்றன. போதாக்குறைக்கு, தேர்ந்த மேடைப் பேச்சாளர்கள் அந்த ‘என்று’வுக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்துவார்கள். கேட்பவர் ஒரு கணம் அதிர வேண்டும், அதற்காக. ஒலி அலையை மட்டும் பார்த்து வெட்டுபவருக்கு அந்த நிறுத்தம் முற்றுப்புள்ளி மாதிரி தெரியும். அதனால் முடிவுப் புள்ளியைக் கண்ணால் தேர்ந்தெடுக்கக் கூடாது. உங்களுக்குப் பிடித்த வரிக்குப் பின்னால் குறைந்தது மூன்று நிமிடமாவது கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். மறுப்பு எப்போதும் அடுத்த சொல்லிலேயே வந்துவிடாது. சில பேச்சாளர்கள் எதிர்த்தரப்பு வாதத்தை இரண்டு நிமிடம் உருக்கமாகப் பேசிவிட்டுத்தான் ‘ஆனால்’ என்பார்கள்.

கதை சொல்லும் உரைகளில் இந்த ஆபத்து இன்னும் பெரியது. 2010இல் அமெரிக்க வேளாண் துறையின் கறுப்பின அதிகாரி ஷெர்லி ஷெராட் ஆற்றிய சுமார் 43 நிமிட உரையிலிருந்து இரண்டரை நிமிடம் போல வெட்டி வெளியிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் உதவி கேட்டு வந்த ஒரு வெள்ளைக்கார விவசாயிக்குத் தன்னால் முடிந்த அளவு உதவத் தயங்கியதாக அவர் சொல்லும் பகுதி அது. அதைப் பார்த்தவர்கள் கொதித்தார்கள், அவர் வேலையை விட்டு விலக நேர்ந்தது. முழு உரை வெளியானபோதுதான், அந்த அனுபவம் தன் மனதை எப்படி மாற்றியது, அந்த விவசாயியின் நிலத்தைக் காப்பாற்ற எப்படி உதவினேன் என்று சொல்லத்தான் அவர் அந்தக் கதையையே தொடங்கினார் என்பது தெரிந்தது. வேளாண் துறைச் செயலாளர் மன்னிப்புக் கேட்டார். அந்த கிளிப்பில் அவர் பேசாத சொல் எதுவும் இல்லை. கதையின் பாதியைக் கொடுத்ததே போதுமானதாக இருந்தது.

சரி, தொடக்கத்துக்கு வருவோம். நூலகர் உரையில் என் முதல் தொடக்கப் புள்ளி 42:05. “அப்போது அவர்கள் கேட்டார்கள்” என்று ஆரம்பித்தது. யார் அவர்கள்? எப்போது? முழு உரையையும் கேட்டுவிட்டதால் எனக்குத் தெரியும், புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. பின்னால் போய்த் தேடினால் 41:52இல் “நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம்…” என்று ஒரு வாக்கியம் கிடைத்தது. அது தன் காலில் நிற்கும் வாக்கியம். முடிவை 42:51க்குத் தள்ளினேன், சிரிப்பும் அதற்குப் பிறகு அவர் சொன்ன காரணமும் உள்ளே வந்துவிட்டன. மொத்தம் 59 வினாடி. ‘அது’, ‘அவர்’, ‘அதனால்தான்’ என்று கிளிப் தொடங்கினால் இன்னும் பின்னால் போக வேண்டும் என்று பொருள்.

வெட்டும் முறையிலும் ஒரு சின்ன விஷயம். ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளில், மறுபடி என்கோடு செய்யாமல் `-c copy` கொடுத்து வெட்டினால் வேலை நொடியில் முடியும், ஆனால் கீஃபிரேம், அதாவது முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃபிரேம், இருக்கும் இடத்தில்தான் படம் சரியாகத் தொடங்கும். ஒரு சொல்லுக்காகப் போராடிவிட்டு, அது ஒரு வினாடி நகர்ந்துபோவதில் அர்த்தமில்லை. அதனால் இப்படி:

```
ffmpeg -ss 00:41:52 -to 00:42:51 -i speech.mp4 -c:v libx264 -crf 18 -c:a aac clip.mp4
```

ஒரு நிமிடத்துக்குள் அடக்க நடுவில் வெட்டி ஒட்டுவதும் நடக்கிறது. இருமலையோ மைக் கோளாறையோ எடுத்துவிடுவதில் தப்பில்லை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு நிபந்தனையைத் தூக்கிவிட்டு ஒட்டினால் அது வேறு பேச்சு. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு கணம் திரை வெளுக்கட்டும், சப்டைட்டிலில் மூன்று புள்ளி இருக்கட்டும். அரங்கில் இருப்பவர்களின் படத்தை நடுவில் போட்டு, ஒட்டிய இடத்தை மறைப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். வேறோர் இடத்துக் கைதட்டலை நகர்த்தி ஒட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சப்டைட்டில் தேவையா என்ற கேள்வியே இல்லை, பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துதான் பேச்சு. தானாக உருவாகும் சப்டைட்டில் ‘முடியாது’வை ‘முடியும்’ என்று எழுதிவிட்டால், அவர்கள் அளவில் பேச்சாளர் அதைத்தான் சொன்னார். அதனால் எதிர்மறை வினைகள், எண்கள், பெயர்கள் மூன்றையும் காதால் கேட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு திரைக்கு இரண்டு வரி போதும். பஞ்ச் வரியை அவர் வாய் திறக்கும் முன்பே திரையில் காட்டிவிடாதீர்கள். அந்த 2 வினாடி மௌனத்தில் ‘என்று’ தெரிந்துவிட்டால் அவர் கட்டிய நகைச்சுவை செத்துவிடும்.

கடைசியில் கேப்ஷன். முதலில் எனக்குத் தோன்றியது ‘நூலகமே தேவையில்லையா? நூலகரின் அதிரடி!’ நிறையப் பேர் தட்டிப் பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் பலர் கேப்ஷனை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மேற்கோள் குறிக்குள் போடும் வரி அவர் சொன்ன அதே வரியாக இருக்க வேண்டும், நாம் சுருக்கியதென்றால் குறி போடக் கூடாது. நான் இறுதியில் எழுதியது: ‘“மூன்று பேர் இன்றைக்கு எங்கள் நூலக உறுப்பினர்கள்!” நூலகத்தின் காலம் முடிந்துவிட்டது என்று தன்னிடம் சொன்னவர்களைப் பற்றி ஓய்வுபெற்ற நூலகர், வாசகர் கூட்டத்தில். 70 நிமிட உரையின் ஒரு பகுதி.’ அதன் கீழே பேச்சாளரின் பெயர், தேதி, முழு உரையின் இணைப்பு. `watch?v=` என்று வரும் யூடியூப் இணைப்பின் கடைசியில் `&t=2512s` என்று சேர்த்தால் முழு உரை 41:52இலேயே திறக்கும், யாரும் தேட வேண்டியதில்லை.

இதில் பெயர், நிகழ்ச்சி, தேதி மூன்றையும் வீடியோவுக்குள்ளேயே சிறிய எழுத்தில் போட்டுவிடுங்கள். கிளிப்பைத் தரவிறக்கி வேறு குழுவில் போடும்போது கேப்ஷன் கூடவே போகாது.

அதே உரையில் இன்னோர் அருமையான இடமும் இருந்தது, ஒரு நூலைத் திருடிய பையனைப் பற்றி. அதைப் புரிந்துகொள்ள 2 நிமிடம் 40 வினாடி வேண்டும். எப்படி வெட்டினாலும் அந்தப் பையன் வெறும் திருடனாகத்தான் நின்றான். அதை வெட்டாமல் விட்டுவிட்டேன்.