கர்ப்பத்தில் கால் வீங்கத்தான் செய்யும், சரி, ஆனால் எதுவரை?

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கால் வீங்கும். வளர்ந்த கருப்பை, காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துகிறது, உடம்பிலும் நீர் கூடுதலாகத் தேங்குகிறது, அதனால் நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் செருப்பு இறுக்கும், ராத்திரி படுத்து எழுந்தால் பெரும்பாலும் வடிந்திருக்கும். இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இப்படி வீங்கி வடிந்தால் பயப்பட வேண்டாம்.

இதற்குப் போய்த் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்கள் நிறைய. குறைத்தால் வீக்கம் வடியாது, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் வரும். டாக்டரைக் கேட்காமல் நீர் பிரியும் மாத்திரை போடுவது அதைவிட மோசம். காலை உயர்த்தி வைத்து உட்காருங்கள், இடப்பக்கம் சாய்ந்து படுங்கள், அது போதும்.

அடுத்த தவறு, கெண்டைக்காலில் எந்த வலி வந்தாலும் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது. ராத்திரியில் சுண்டி இழுக்கும் வலி, பாதத்தை முகத்தை நோக்கி வளைத்துப் பிடித்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். விடாமல் வலித்து, ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். கர்ப்பத்தில் இது இடது காலில்தான் அதிகம் வருகிறது. தேய்க்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அவசர சிகிச்சைக்கே போக வேண்டும்.

ஆனால் எனக்கு அதிகம் கவலை தருவது, ஒவ்வொரு தொந்தரவையும் தனித்தனியாகப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடுவதுதான். 34 வாரக் கர்ப்பிணி ஒருவரை வைத்துக்கொள்வோம். மோதிரம் கழற்ற வரவில்லை, 'வீக்கம்தானே' என்கிறார். மேல்வயிற்றில் வலி, 'நெஞ்செரிச்சல்' என்று ஜெலூசில் குடிக்கிறார். தலைவலிக்குத் தூக்கமில்லை என்று ஒரு காரணம். மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது, எல்லாமே தப்பு! நெஞ்செரிச்சல் என்றால் மார்பெலும்புக்குப் பின்னால் எரிந்து, புளிப்பு தொண்டைவரை ஏறும், நிமிர்ந்து உட்கார்ந்தால் குறையும். இவருக்கோ வலி வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே, மருந்துக்கும் அடங்கவில்லை. கையும் முகமும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, கண்ணில் மின்னல் மாதிரி தெரிவது, இந்த வலி, இவை எல்லாம் முன்சூல்வலிப்பு என்ற கர்ப்பகால ரத்த அழுத்த நோயின் அறிகுறிகள். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுவதுதான் இதன் முக்கிய அடையாளம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், கல்லீரல் பாதிக்கலாம், குழந்தைக்கும் ஆபத்து.

வீக்கமே இல்லாமலும் இது வரும். போன வாரம் பிரஷர் சரியாக இருந்ததே என்பதும் காரணமாகாது, சில நாட்களிலேயே ஏறிவிடும். இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல், ராத்திரியானாலும் போய், பிரஷரும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் கல்லீரலுக்கும் தட்டணுக்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.