துறை மன்றக் கணக்கு: வசூல் முதல் அறிவிப்புப் பலகை வரை

கல்லூரியில் துறை மன்றத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோ உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆடியோ, மேடை, பேச்சாளர் என்று யோசனைகள் ஓடும். அதற்கு முன்னால் பணக் கணக்கை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில், ஆண்டுக்கு 60 பேர் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 180 பேர் படிக்கும் கணினி அறிவியல் துறையைக் கற்பனையாக எடுத்துக்கொள்கிறேன். ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள்: மன்றத் துவக்க விழா, வெளிக்கல்லூரி மாணவர்களும் வரும் சிம்போசியம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வழியனுப்பு விழா.

1. கடைசித் தாளை முதலில் வரையுங்கள்

நிகழ்ச்சி முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகும் வரவு செலவுத் தாளை இப்போதே காலியாக வரைந்துவிடுங்கள். தலைப்பு, ஒப்புதல் பெற்ற தொகை, செலவான தொகை, வித்தியாசம், காரணம் என ஐந்து பத்திகள் போதும். அந்தத் தாளில் எந்தத் தலைப்புகள் இருக்கின்றனவோ அதே தலைப்புகளில்தான் பட்ஜெட்டும், வவுச்சரும், எக்செல் பதிவும் இருக்க வேண்டும். பட்ஜெட்டில் 'மேடைச் செலவு' என்று போட்டுவிட்டு பில்லில் 'மைக், லைட், நாற்காலி' என்று தனித்தனியாக வந்தால், கடைசியில் எதை எதில் சேர்ப்பது என்று உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

2. சந்தாவை முடிவு செய்தல்

ஒரு ஆளுக்கு 250 ரூபாய் என்று வைத்தால் 180 பேருக்கு 45,000 வரும் என்று கணக்குப் போடத் தோன்றும். அது வராது. சிலர் தாமதிப்பார்கள், சிலரால் கட்ட முடியாது. பத்தில் ஒன்பது பேர் கட்டுவார்கள் என்று 162 பேரை மட்டும் கணக்கில் எடுங்கள்: 40,500. போன ஆண்டு மிச்சம் 3,200. ஆக 43,700 ரூபாய்க்குள் ஆண்டு முழுக்கச் செலவு அடங்க வேண்டும்.

துவக்க விழாவுக்கு 7,500. சிம்போசியத்துக்கு 22,000: பரிசு 8,000, மேடையும் ஒலியும் 4,000, அச்சு 2,500, நடுவர்களின் பயணமும் நினைவுப் பரிசும் 4,500, தொண்டு செய்யும் 30 மாணவர்களுக்கு மதிய உணவு 3,000. வழியனுப்பு விழாவுக்கு 9,500. மொத்தம் 39,000. அதில் பத்து சதவீதமான 3,900 ரூபாயை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குங்கள். 42,900 ஆகிறது, 800 மிச்சம்.

வெளிக்கல்லூரி மாணவர்களின் பதிவுக் கட்டணத்தை இதில் கலக்கவே கலக்காதீர்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர்களால் கூடும் செலவை அவர்களின் கட்டணமே தாங்கும்படி வையுங்கள். சாப்பாடு 90, தேநீர், சான்றிதழ், கோப்பு உறை எல்லாம் சேர்த்து 50. ஆக 140. கட்டணம் 150. பரிசுத் தொகைக்கு இவர்களின் கட்டணத்தை நம்பினால், கூட்டம் குறையும் ஆண்டில் பரிசு கொடுக்கப் பணம் இருக்காது.

3. ஒப்புதல் வரிசை

முதலில் மன்றக் கூட்டத்தில் பட்ஜெட்டை வாசித்து நிறைவேற்றி, தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதி, வந்தவர்களின் கையொப்பத்தை வாங்குங்கள். அப்புறம் செயலாளர் கடிதம் எழுதுவார். அது மன்றப் பொறுப்பாசிரியர், துறைத் தலைவர், முதல்வர் என்ற வரிசையில் போகும். கடிதத்தோடு பட்ஜெட் தாளையும் தீர்மான நகலையும் இணையுங்கள். 'சிம்போசியம் நடத்த அனுமதி வேண்டி' என்று மட்டும் எழுதினால், நிகழ்ச்சி நடத்த அனுமதி கிடைக்கும், பணம் செலவழிக்க அனுமதி கிடைத்ததாக ஆகாது. தொகையைக் கடிதத்தின் உள்ளேயே எழுதுங்கள்.

நாள் முக்கியம். முதல்வர் கையொப்பமிட்ட தேதிக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால், தணிக்கையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். எனவே நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். முதல்வர் வெளியூர் போயிருப்பார், துறைத் தலைவர் தேர்வுப் பணியில் இருப்பார். கோப்பு மேசையில் கிடக்கும்.

எவ்வளவு தொகைக்கு மேல் மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அலுவலகக் கணக்கரிடம் நேரில் கேளுங்கள். விலைப்புள்ளி மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால் அவருக்கு உடனே புரிந்துவிடும், சொல்லிவைக்கிறேன்.

4. வசூல்

பணம் வந்து சேர வேண்டிய இடம் மன்றத்தின் பெயரிலோ துறையின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்கு. பொறுப்பாசிரியரும் துறைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிடும்படி அது இருக்கட்டும். அப்படி ஒன்று இல்லையென்றால், கல்லூரிக் கணக்கிலேயே தனித் தலைப்பில் வரவு வைக்க முடியுமா என்று கேளுங்கள். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வசூல் செய்வதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் வீட்டிலிருந்து வந்த பணமும், நண்பன் திருப்பிக் கொடுத்த பணமும் கலந்து கிடக்கும். நாளை அந்த ஸ்டேட்மென்ட்டைப் பொதுவில் காட்டச் சொன்னால் எந்த மாணவரும் தயங்குவார்.

ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும், கார்பன் நகல் இருக்க வேண்டும். முதலாண்டு வகுப்புப் பிரதிநிதியிடம் 1 முதல் 60 வரை, இரண்டாம் ஆண்டுக்கு 61 முதல் 120 வரை, மூன்றாம் ஆண்டுக்கு 121 முதல் 180 வரை எனக் கொடுங்கள். கிழிந்து போன ரசீதையும் 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே ஒட்டிவையுங்கள். ஒரு எண் காணாமல் போனால், அந்த எண்ணுக்கு யாரோ பணம் கட்டியிருக்கலாம் என்றுதான் அர்த்தம்.

யுபிஐ வழியில் கட்டுபவர்களிடம் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி ரசீது கொடுக்காதீர்கள். திரையில் 'பிராசஸிங்' என்று காட்டிய பரிவர்த்தனை பிறகு தோல்வியடைந்திருக்கலாம். பழைய படத்தின் தேதியைத் திருத்தியும் அனுப்பலாம். அவரிடம் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாங்கிப் பதிவு செய்து, வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி வந்த பிறகு ரசீதைக் கொடுங்கள்.

ரொக்கமாக வந்த பணத்தை அன்றைக்கே எண்ணி, மறுநாள் வங்கியில் போடுங்கள். அதிலிருந்து எடுத்து நேராக பேனருக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் போடுவது வேண்டாம். அப்படிச் செய்தால் வரவும் குறைவாகத் தெரியும், செலவும் குறைவாகத் தெரியும்.

கட்ட முடியாதவர் பொறுப்பாசிரியரிடம் மட்டும் சொன்னால் போதும் என்று முதலிலேயே அறிவியுங்கள். அறிக்கையில் 'விலக்கு: 6 பேர்' என்று எண்ணிக்கை மட்டும் வரட்டும். கட்டாதவர்களின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது அசிங்கம்.

5. செலவும் வவுச்சரும்

ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வவுச்சர், ஒரு எண், அதன் பின்னால் பில். பில்லில் மன்றத்தின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். ஆட்டோ, பூக்கடை போன்ற பில் கிடைக்காத இடங்களில் வவுச்சரிலேயே பணம் பெற்றவரின் பெயரும் கையொப்பமும் வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ரொக்கப் பரிசு வாங்கிய மாணவர்களின் கையொப்பத்தை மேடையிலிருந்து இறங்கும்போதே வாங்கிவிடுங்கள். பஸ் ஏறிப் போனபின் பிடிக்க முடியாது.

பதிவுக்கு கூகுள் ஷீட் போதும். A பத்தியில் தேதி, B-யில் வவுச்சர் எண், C-யில் தலைப்பு, D-யில் தொகை. தலைப்பு வாரியாகக் கூட்ட:

```
=SUMIF(C:C,"பரிசு",D:D)
```

ஒரே வவுச்சர் எண் இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா என்று E பத்தியில் பார்க்கலாம். இந்த வரியை E2-இல் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். 1-க்கு மேல் வந்த இடத்தில் சிக்கல்:

```
=COUNTIF(B:B,B2)
```

6. சரிபார்ப்பு: எண்களை ஓட்டிப் பார்ப்போம்

சிம்போசியம் முடிந்தது. அன்று மின்தடையால் ஜெனரேட்டர் எடுத்ததில் 2,000 கூடியது. நடுவர் பயணத்தில் 350 மிச்சமானது. 22,000 என்ற இடத்தில் 23,650. கூடுதல் 1,650-ஐ எதிர்பாராச் செலவிலிருந்து எடுக்கலாம். ஆனால் பொறுப்பாசிரியரின் எழுத்து ஒப்புதல் அன்றைய தேதியிலேயே வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கவும் வேண்டும்.

வெளியிலிருந்து 75 பேர் வருவார்கள் என்று சாப்பாடு சொன்னீர்கள், வந்தது 64 பேர். வரவு 9,600. சாப்பாடு 6,750, மற்றவை 3,200, ஆக 9,950. இங்கே 350 நட்டம். இதை மறைத்து வேறு தலைப்பில் தள்ள வேண்டாம். காரணத்தை எழுதினால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இப்போது மொத்தம். தொடக்க இருப்பு 3,200, 158 ரசீதுகளின்படி சந்தா 39,500, வெளியார் கட்டணம் 9,600: வரவு 52,300. துவக்க விழா 7,180, சிம்போசியம் 23,650, வெளியாருக்கான செலவு 9,950: செலவு 40,780. இருக்க வேண்டியது 11,520. வங்கியில் 10,870, கையில் 400, ஆக 11,270. 250 குறைகிறது.

இந்த 250-ஐ 'இதரச் செலவு' என்று எழுதி மூடிவிடக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். வித்தியாசம் சரியாக ஒரு சந்தா அளவு என்பதே துப்பு. ரசீது கொடுத்திருக்கிறீர்கள், பணம் வரவில்லை. யுபிஐ ரசீதுகளின் பரிவர்த்தனை எண்களை ஸ்டேட்மென்ட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால், ஒரு எண்ணுக்கு வரவு வரி இருக்காது. அந்த மாணவரின் பணம் அவர் கணக்குக்கே திரும்பியிருக்கும், அவருக்கே தெரியாமல் இருக்கும். ஒரு போன் போட்டால் முடிந்தது. அவர் கட்டும்வரை தாளில் 'வர வேண்டியது 250' என்று காட்டுங்கள்.

7. உறுப்பினர்களுக்கு அறிக்கை

நிகழ்ச்சி முடிந்த பத்து நாளுக்குள் ஒட்டிவிடுங்கள். முதலில் வரைந்த தாளில் எண்களை நிரப்பினால் இப்படி வரும்:

| தலைப்பு | ஒப்புதல் | செலவு | வித்தியாசம் | காரணம் |
|---|---|---|---|---|
| பரிசு | 8,000 | 8,000 | 0 | |
| மேடை, ஒலி | 4,000 | 6,000 | 2,000 கூடுதல் | ஜெனரேட்டர் |
| அச்சு | 2,500 | 2,500 | 0 | |
| நடுவர் | 4,500 | 4,150 | 350 மிச்சம் | ஒருவர் உள்ளூர் |
| தொண்டர் உணவு | 3,000 | 3,000 | 0 | |

அதன் கீழே வெளியார் கணக்கு தனியாக, பிறகு வங்கி இருப்பு, கை இருப்பு, பயன்படுத்திய ரசீது எண்கள், ரத்தானவை. ஒட்டுவதற்கு முன் மன்றப் பொறுப்பில் இல்லாத இரண்டு மாணவர்கள் வவுச்சர் கோப்பைப் புரட்டிப் பார்த்துக் கையொப்பமிடட்டும். ஒருவர் முதலாண்டாக இருந்தால் நல்லது; அவர்கள்தான் கூச்சமில்லாமல் கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் இதே தாளை பிடிஎஃப் ஆகப் போட்டு, வவுச்சர் கோப்பு எந்த நாள், எந்த நேரம், எந்த அறையில் பார்வைக்கு இருக்கும் என்று எழுதுங்கள். பில்களைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டாம், அவற்றில் கடைக்காரர்களின், நடுவர்களின் போன் எண்கள் இருக்கும்.

கேள்விகளுக்கு ஒரு வாரம் கொடுங்கள். கேள்வியையும் பதிலையும் அதே தாளின் அடியில் சேர்த்து மறுபடி ஒட்டுங்கள். வழியனுப்பு விழாவுக்கும் இதே முறைதான். அது முடிந்ததும் மிச்சத் தொகை, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள், வவுச்சர் கோப்பு மூன்றையும் புதிய பொருளாளரிடம் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். கூகுள் ஷீட்டின் உரிமையையும் உங்கள் மெயிலிலிருந்து அவருடைய மெயிலுக்கு மாற்றுங்கள்.