ஷெல் கட்டளை மறுக்கும்போது: 2 மி.மீ. சுவரும் 1.5 மி.மீ. வளைவும்

CAD மென்பொருளில் திடமாக வரைந்த ஒரு பெட்டியை உள்ளே குடைந்து, எல்லாப் பக்கமும் ஒரே தடிமனில் சுவர் விட்டுவைப்பதுதான் ஷெல் கட்டளையின் வேலை. சாலிட்வொர்க்ஸிலும் ஃப்யூஷனிலும் அதன் பெயர் Shell. ஃப்ரீகேடில் Part Design பகுதியில் Thickness என்று இருக்கும். வெறும் செவ்வகப் பெட்டி என்றால் ஒரே கிளிக்கில் முடிந்துவிடும். விளிம்புகளை உருட்டிய பெட்டி என்றால் அதே கட்டளை அடம்பிடிக்கும். ஃப்ரீகேடில் பெரும்பாலும் வரும் செய்தி இது:

```
BRep_API: command not done
```

எந்த இடத்தில் சிக்கல், ஏன் சிக்கல் என்று அது சொல்வதில்லை. நாம்தான் தேட வேண்டும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஒரு சிறிய சர்க்யூட் போர்டுக்காக நான் வரைந்த பெட்டியையே எடுத்துக்கொள்வோம். வெளி அளவு 80 × 50 × 20 மி.மீ., சுவர் 2 மி.மீ., மேல்பக்கம் திறப்பு. நான்கு செங்குத்து விளிம்புகளிலும் அடி விளிம்புகளிலும் 1.5 மி.மீ. ஃபில்லட். ஸ்கெட்ச், பேட், ஃபில்லட் மூன்றும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் தடிமனைக் குறைத்துப் பாருங்கள்

வேறு எதையும் தொடாமல் 2 என்ற எண்ணை 0.2 ஆக்குங்கள். ஷெல் வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் வடிவம் சரி, தடிமன்தான் இடிக்கிறது. எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 1, 1.2, 1.4 வரை வரும், 1.5-இல் நின்றுவிடும். அந்த 1.5 எங்கிருந்து வந்தது? நம் ஃபில்லட்டின் ஆரம்தான் அது. எந்த எண்ணில் உடைகிறதோ, அந்த அளவுள்ள வளைவைத் தேடினால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

0.2-இலும் வரவில்லை என்றால் கதை வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஏன் உடைகிறது

ஷெல் ஒவ்வொரு ஃபேஸையும் 2 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு நகல் போடுகிறது. பிறகு அந்த நகல்களை ஒன்றோடொன்று வெட்டி, ஒட்டி, உள்குழியை உருவாக்குகிறது. தட்டையான ஃபேஸ் எவ்வளவு தள்ளினாலும் தட்டையாகவே இருக்கும். ஆனால் வெளிப்பக்கம் புடைத்த வளைவு உள்ளே போகப்போகச் சுருங்கும். 3 மி.மீ. ஆரமுள்ள ஃபில்லட் 2 மி.மீ. உள்ளே வந்தால் 1 மி.மீ. மிச்சம். 1.5 மி.மீ. ஆரம் என்றால் கணக்கு −0.5. அப்படி ஒரு பரப்பு கிடையாது. அது தன்னையே கடந்து மறுபக்கம் போய்விடுகிறது. ஆரமும் தடிமனும் சமமாக இருந்தாலும் பிரச்சினைதான், ஏனென்றால் பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும்.

சாலிட்வொர்க்ஸ் உள்ளே பயன்படுத்தும் வடிவக் கணக்கு எஞ்சினான பாராசாலிட், இப்படிக் காணாமல் போகும் எளிய ஃபில்லட்டை நீக்கிவிட்டுக் கூர்மூலை வைத்துச் சமாளிப்பதுண்டு. ஃப்ரீகேடின் எஞ்சினான ஓப்பன்கேஸ்கேட் அவ்வளவு பொறுமை காட்டாது. தினமும் பிளாஸ்டிக் உறை வரைபவர்களுக்கு என் சிபாரிசு பாராசாலிட் அடிப்படையிலான மென்பொருள்தான். வீட்டில் ஒன்றிரண்டு பெட்டி பிரிண்ட் செய்ய ஃப்ரீகேட் தாராளமாகப் போதும், கீழே சொல்லும் வரிசையைப் பின்பற்றினால்.

மெல்லிய பகுதிகளும் இதே மாதிரிதான். பெட்டியில் 3 மி.மீ. தடிமனில் ஒரு தட்டு துருத்திக்கொண்டிருந்தால், இரு பக்கமும் 2 + 2 = 4 மி.மீ. வேண்டும், இடம் இல்லை. அந்தத் தட்டை ஷெல்லுக்குப் பிறகு வரையுங்கள், அவ்வளவுதான்.

ஷெல் முதலில், ஃபில்லட் அப்புறம்

ஃபில்லட்டை நீக்குங்கள். கூர்விளிம்புப் பெட்டியில் மேல் ஃபேஸைத் தேர்ந்தெடுத்து 2 மி.மீ. ஷெல் போடுங்கள். பிறகு வெளிவிளிம்புகளுக்கு 1.5 ஃபில்லட் கொடுங்கள்.

மூலையில் சுவர் மெலிந்துவிடாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுவிடுவோம். வெளிமூலையை (0, 0) என்று வைத்தால் உள்மூலை (2, 2), ஃபில்லட்டின் மையம் (1.5, 1.5). உள்மூலைக்கும் மையத்துக்கும் 0.71, அதோடு ஆரம் 1.5 சேர்த்தால் 2.21 மி.மீ. சுவர் மெலியவில்லை, கொஞ்சம் கூடவே இருக்கிறது. அதே இடத்தில் 3 மி.மீ. ஃபில்லட் போட்டு உள்மூலையைக் கூராக விட்டால் 1.59 மி.மீ.தான் மிஞ்சும். ஆகவே வெளி ஆரம் தடிமனைவிடப் பெரிதாக இருந்தால், உள்விளிம்புக்கும் ஃபில்லட் கொடுங்கள்: வெளி ஆரத்திலிருந்து தடிமனைக் கழித்த அளவு. 3-க்கு 1.

போர்டுக்கு உறை செய்பவர்களுக்கு இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. உள்குழியையே திடப்பொருளாக வரைந்து, 0.5 ஃபில்லட் கொடுத்து, ஷெல்லை வெளிப்பக்கமாகப் போடுங்கள். ஃப்ரீகேடில் Make thickness inwards என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும். புடைத்த வளைவு வெளியே போகும்போது பெரிதாகும்: 0.5 என்பது 2.5 ஆகிவிடும். போர்டுக்கு எவ்வளவு இடம் என்பதும் நேரடியாக உங்கள் கையில். குழிந்த பள்ளம் ஏதாவது இருந்தால் மட்டும் ஆபத்து அந்தப் பக்கம் மாறிவிடும்.

ஸ்ப்லைன் முதுகு உள்ள மூடி

கையில் பிடிக்கிற கருவிகளின் மூடியில் ஆரம் இடத்துக்கு இடம் மாறும். ஒரே ஒரு முனையில் 1.6 மி.மீ. ஆகியிருந்தால்கூட 2 மி.மீ. ஷெல் விழுந்துவிடும். ஃப்யூஷனில் Minimum Radius Analysis அந்த இடத்தை நிறம்போட்டுக் காட்டும். ஃப்ரீகேட் ஸ்கெட்சரில் பி-ஸ்ப்லைனின் வளைவுச் சீப்பைத் திறந்து, பற்கள் நீண்டு நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

வெளித்தோற்றத்தை மாற்ற முடியாது என்றால் உள்குழியைத் தனி பாடியாக வரைந்து, பூலியன் கட் போடுங்கள். உட்பரப்பு வெளிப்பரப்பை அச்சு அசலாகப் பின்பற்ற வேண்டியதில்லை. அந்த இறுக்கமான முனையில் ஒரு பெரிய வில்லைப் போட்டுச் சுவரை 2.5 மி.மீ. ஆக விட்டாலும் 3டி பிரிண்டுக்கு ஒன்றும் ஆகாது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் என்றால் தடித்த இடத்தில் மேற்பரப்பு உள்வாங்கும்; அங்கே தாராளம் காட்டாதீர்கள்.

வெளி வடிவத்தின் நகலையே சிறிதாக்கிக் கழித்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். 80 × 50 × 20 பெட்டியை நடுவிலிருந்து 0.95 மடங்கு ஆக்கினால் நீளப் பக்கம் 2 மி.மீ. சுவர் கிடைக்கும், அகலத்தில் 1.25, உயரத்தில் 0.5தான். நகலை 2 மி.மீ. கீழே இறக்குவதும் சரிவராது: 45 பாகை சரிவில் சுவர் 1.41 ஆகிவிடும். குறுக்கே வெட்டிப் பார்த்து, பரப்புக்குச் செங்குத்தாக அளந்தால்தான் உண்மைத் தடிமன் தெரியும்.

0.2-இலும் வராவிட்டால்

பீன்யாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "அண்ணா, என் ஃபில்லட் 3 மி.மீ., சுவர் 2 மி.மீ., இருந்தும் வரலையே" என்று ஃபைலை அனுப்பினார். திறக்கவேண்டிய மேல் ஃபேஸைச் சுற்றியும் அவர் ஃபில்லட் போட்டிருந்தார். அந்த ஃபில்லட் மேல் ஃபேஸைத் தொடும் இடத்தில் அதோடு ஒரே மட்டமாக, தொடுகோடாகச் சேர்கிறது. 2 மி.மீ. உள்ளே தள்ளிய அதன் நகல் மேல்மட்டத்துக்கு 2 மி.மீ. கீழே, அதற்கு இணையாக முடிகிறது. இணையான இரண்டும் எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது; திறப்பின் விளிம்பை மூட வழியில்லை. தடிமன் 0.2 ஆனாலும் இதே கதிதான்.

மேல்விளிம்பு ஃபில்லட்டை நீக்கிவிட்டு ஷெல் போடச் சொன்னேன், உடனே வந்துவிட்டது. பிறகு விளிம்புக்கு 3 கொடுக்கப் பார்த்தார். சுவரே 2 மி.மீ. என்பதால் அது ஏறாது. 1.5 கொடுத்து, உச்சியில் 0.5 மி.மீ. தட்டையாக விட்டு முடித்தார்.